செம்பட்டைக்கு ஒரு பவர்

கணவர் பவர் பத்திரத்தை அவள் மேசையில் வைத்துவிட்டு, ஏதோ மளிகைச் சீட்டைக் கொடுத்தவர் மாதிரி திரும்பி நடந்தார். வாசலருகே போனதும்தான் சொன்னார்.

"அவளைத்தான் போட்டிருக்கேன். அங்க வேற யாரைத் தெரியும் நமக்கு?"

"அவள்" யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பனி கொட்டும் ரஷ்யாவில் கணவர் மருத்துவம் படித்த காலத்தில் அவரோடு படித்தவள். தலைமுடி செம்பு நிறம். இவள் அங்கே மொழி படிக்கப் போனபோது, அவளுக்கு மனசுக்குள் வைத்த பெயர் செம்பட்டை. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்தும் அந்தப் பெயர் மாறவில்லை.

படிப்பு முடிந்ததும் கணவர் அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஒற்றை அறை வீடு ஒன்று அங்கே இருக்கிறது. இப்போது மகளின் மேற்படிப்புக்காக அதை விற்க வேண்டும். அவர் நேரில் போக முடியாது. அதனால் அங்கிருக்கும் ஒருத்தருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்து, அதை ரஷ்ய மொழியில் பெயர்த்து, நோட்டரி சான்றோடு அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பதுதான் இவள் பிழைப்பு. ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நோட்டரி அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் மொழிபெயர்ப்பு அறையில் பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

முதலில் பெயர்கள். சொந்தச் சரக்குக்கு அங்கே இடமில்லை. செம்பட்டையின் பாஸ்போர்ட் நகலிலிருந்து குடும்பப் பெயர், பெயர், தகப்பன் வழிப் பெயர் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து இறக்கினாள். நகலில் இருந்த படத்தைப் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பாவி, இன்னும் முடி நரைக்கவில்லை.

அடுத்தது கணவர் பெயர். அவளுக்குத் தோன்றியபடி அதை ரஷ்ய எழுத்தில் எழுத முடியாது. வீட்டின் உரிமைப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அங்குள்ள பதிவு அலுவலகம், விற்கிறவர் வேறு ஆள் என்று சொல்லிவிடும். பதிவு நகலை எடுத்தாள். அன்று வீட்டைப் பதிவு செய்யப் போனபோது அவரோடு துணைக்குப் போனவள் செம்பட்டை. எழுத்தர் கேட்கக் கேட்க அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆக, அந்த மொழியில் இவள் கணவரின் பெயர் என்ன என்பதை அவள்தான் முடிவு செய்திருக்கிறாள். தாலி கட்டிக்கொண்டவள் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதுகிறாள். நல்ல கூத்து!

பிறகு வாசகம். "என் பெயரால், என் சார்பில், சொந்த விருப்பப்படி விலையையும் நிபந்தனைகளையும் தீர்மானித்து..." இதே சொற்களை நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவள் தட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒருநாளும் உறைத்ததில்லை. இன்று ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்தியது. சொந்த விருப்பப்படியாம்! வரவேற்பறைத் திரைச்சீலை நிறத்தைக்கூட இவரைக் கேட்காமல் மாற்ற முடியாது. பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம். என் சார்பில் கையொப்பமிட அதிகாரம். இந்த விற்பனை தொடர்பான எல்லாச் செயல்களையும் செய்ய அதிகாரம். எல்லாமாம், எல்லாம்.

நடுவில் ஒரு வரி இருந்தது: "உரிமை மாற்றத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க." அந்த வரியை அவள் தட்டவில்லை.

விரல் தவறியது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் விரல் நின்றது, யோசித்தது, அடுத்த வரிக்குத் தாவியது. அந்த வரி இல்லாமல் அங்கே விற்பனை பதிவாகாது. பத்திரம் திரும்பி வரும். செம்பட்டை ஓடியோடிக் களைத்துப் போகட்டும். அதற்குள் இவர் பவர் கொடுக்க வேறு யாரையாவது பார்ப்பார். அவ்வளவுதான் கணக்கு. மகளின் படிப்பு நினைவுக்கு வந்தபோது, அச்சுப்பொறி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

அச்செடுத்ததைக் கொண்டு எதிர் அறைக்குப் போனாள். மொழிபெயர்ப்பின் அடியில் கையொப்பமிடுவது இவள். இந்தக் கையொப்பம் இவளுடையதுதான் என்று சான்றளிப்பது நோட்டரி அம்மா. அவருக்கு ரஷ்யன் தெரியாது.

நோட்டரி அம்மா மூலத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இவளைப் பார்த்தார்.

"ஏம்மா, பவர் கொடுக்கிறது உன் வீட்டுக்காரர்தானே? போன வாரம் எனக்கு முன்னாலதானே கையெழுத்துப் போட்டாரு."

"ஆமாம்மா."

"அவரு பத்திரத்துக்கு நீ மொழிபெயர்ப்பாளரா நின்னா எப்படி? உன் கையெழுத்த நான் ஒத்துக்க மாட்டேன். பக்கத்துல இருக்கிற கண்ணாடிப் பொண்ணு போடட்டும்."

இது தெரியாதா அவளுக்கு? ஊருக்கெல்லாம் சொல்கிற விதி. பொறாமை வந்தால் கண் மட்டுமா போகும், படித்ததும் போய்விடுகிறது.

கண்ணாடி என்பது, தடித்த கண்ணாடி போட்ட அடுத்த மேசைக்காரி. தன் பெயரில் போகிற தாளை ஒப்பிட்டுப் பார்க்காமல் கையொப்பமிட மாட்டாள்.

"வாங்கக்கா, வாசிச்சிடலாம்" என்றாள் மர அடிக்கோலை எடுத்துக்கொண்டு.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. பெயர்த்தவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ரஷ்யனில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் அச்செடுத்த தாளில் அடிக்கோலை வைத்துக்கொண்டு வரிவரியாகத் தொடர்வார். கோல் நின்றால் ஏதோ தவறு.

பெயர்கள் சரி. பாஸ்போர்ட் எண் சரி. பதிவு நகலோடு ஒப்பிட்டதில் கணவர் பெயரும் எழுத்துக்கு எழுத்துச் சரி. "இவ்வளவு கச்சிதமா யாருக்கு வரும்!" என்றாள் கண்ணாடி. அவள் பாராட்டியது நெஞ்சில் இறங்கவில்லை.

அதிகாரங்களுக்கு வந்தார்கள். தாவிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் பதினைந்து வருஷம் பழகிய நாக்கு. "பணத்தைப் பெற்றுக்கொள்ள" என்று சொன்னதும் அடுத்ததாக "உரிமை மாற்றத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க" என்பது தானாக வழுக்கி வந்துவிட்டது.

கோல் நின்றது.

"அக்கா, நீங்க சொன்னது இதுல இல்லையே."

கண்ணாடி தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "யாரக்கா அது, பவர் வாங்குற பொம்பளை?" என்றாள்.

"அவர் கூடப் படிச்சவ."

"ஓ!" அடிக்கோலைத் தட்டினாள். "எங்க வீட்டுக்காரரோட பழைய சிநேகிதி ஒருத்தி இருக்கா. அவ போன் வந்தா நானும் குக்கர் மூடிய இப்படித்தான் சரியாப் போட மாட்டேன். போங்க, அந்த வரியச் சேர்த்து அடிச்சிட்டு வாங்க. உங்க தப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. அந்த வரியைச் சேர்த்தாள். மறுபடி முழுவதையும் முதலிலிருந்து வாசித்தார்கள். கோல் எங்கும் நிற்கவில்லை. கண்ணாடி கையொப்பமிட்டாள். நோட்டரி அம்மா மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து நூலால் தைத்து, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டி முத்திரை குத்தினார். இனி ஒரு தாளைக்கூட உருவ முடியாது.

மாலையில் கணவர் வந்தார்.

"ஆச்சா? கூரியர்ல அனுப்பிடலாமா?"

"வேணாம்."

"ஏன்?"

"வெளிநாட்டுல செல்லுபடியாக அரசாங்க முத்திரை வாங்கினதும் நானே கொண்டு போறேன். அவ கையில கொடுத்துட்டு, பதிவாகற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்துட்டு வர்றேன்."

"அந்தக் குளிர்ல இனிமே காலே வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவ நீ."

"பண்ணினேன். அதுக்கென்ன?"

"டிக்கெட் செலவு?"

"அதை உங்க சொந்த விருப்பப்படி தீர்மானிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தைத்த பத்திரத்தைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அப்படியே, போகிற வழியில் நரைக்குச் சாயம் வாங்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.