வெள்ளம் என்று ஊதிய சீழ்க்கை

எட்டயபுரத்துக்குத் தெற்கே, வறண்ட ஓடை மணலில் பாலம்மாள் ஆடுகளை மேயவிட்டிருந்தாள். கணவன் சீனி தொலைவில் கரிசல் மேட்டின்மேல் நின்றான். எதிர்க்காற்றில் கூவினால் குரல் எட்டாது. ஆதலால் இருவரும் நாவை மடித்துச் சீழ்க்கையிலேயே பேசிக்கொள்வார்கள். 'ஆட்டை மடக்கு', 'சோறுண்ண வா' என்று நாள்தோறும் பழகிய சில வாக்கியங்கள்தாம். அவற்றைப் பழகிப்போன அடையாள ஒலிகள் என்றே அவள் எண்ணியிருந்தாள்.

அன்று பிற்பகல் அவன் ஒருநாளும் ஊதாத ஒன்று காற்றில் வந்தது. அவர்கள் சீழ்க்கையில் இகரம் உச்சியில் ஒலிக்கும், எகரம் சற்றுக் கீழே, அகரம் அதனினும் கீழே, உகரம் அடியில். குறில் சட்டென முடிந்தது. நெடில் நீண்டு நின்றது. வல்லெழுத்து வந்த இடத்தில் ஓசை அறுந்து மீண்டும் எழுந்தது. செவியில் விழுந்தபோதே அது சொல்லாயிற்று.

"வெள்ளம் வருது, மேட்டுக்கு ஏறு!"

அவள் ஆடுகளை விரட்டிக் கரையேறவும், வடக்கே எங்கோ பெய்த மழையின் வெள்ளம் ஓடையை நிறைத்துக்கொண்டு சீறிப் பாய்ந்தது.

சீனி மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஏட்டி, வெள்ளம்னு முன்னப்பின்ன ஊதுனதே இல்லையே, ஒனக்குப் புரியுமோன்னு பதறிட்டேன்!"

"வாயால சொன்னாப்புலயே கேட்டுச்சு. உம்ம கொரலுக்கு இது எவ்வளவோ தேவலை."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குரலே இல்லாத வெறுங்காற்றில் ஏறியும் இறங்கியும், குறுகியும் நீண்டும் தமிழ் முழுதாக வந்து உயிர்காத்த அற்புதத்தை எண்ணி, காற்று வந்த திசை நோக்கிக் கைகூப்பினாள்.