நறுக்கிய வைக்கோலும் இரட்டை முடிச்சும்

வைக்கோல் கட்டும் பேலர் இயந்திரத்தை ஓட்டி வந்தவர் டிராக்டரிலிருந்து இறங்கினார். வயலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் வயலைப் பார்த்தார்.

"வைக்கோல் எங்கக்கா?"

"இதோ, வயல் முழுக்கக் கிடக்கே."

அவர் குனிந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். விரல் நீளத்துக்கு நறுக்குண்ட துண்டுகள். ஊதினால் பறக்கும் போலிருந்தன.

"இத எப்படிக்கா கட்டுறது? வைக்கோல் நீளமா, வரிசையா கிடந்தாத்தான் என் வண்டியோட பல்லு வாரி உள்ள தள்ளும். இது முடி வெட்டுற கடைத் தரை மாதிரி இருக்கு. துடைப்பம் கொண்டாந்திருக்கணும் நான்."

வரப்பில் உட்கார்ந்திருந்த அவளுடைய கணவன் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவன் படும் பாட்டை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். உதட்டை மடித்து வைத்துக்கொண்டு, தூரத்தில் பறக்கும் கொக்கைக் கவனிப்பவன்போல முகத்தை வைத்திருந்தான். பேசாமல் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

மூன்று ஏக்கர். நெல் அறுத்து மூன்று நாள் ஆகிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயறு விதைத்தாக வேண்டும். அதற்குள் வைக்கோலை என்ன செய்வது என்பதுதான் வருடா வருடம் கேள்வி. வருடா வருடம் அவனுடைய சட்டைப் பையிலிருக்கும் தீப்பெட்டிதான் பதில். போன வருடம் அந்தப் புகை ரோட்டில் இறங்கி, எதிரே வந்த இரண்டு வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. "அடுத்த வருஷம் நம்ம வயல்ல ஒரு பொறிகூட விழாது" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. நாத்தனாருக்கு வாக்கும் கொடுத்தாள்.

நாத்தனார் ரோட்டோரம் ஒரு கொட்டகை போட்டு, வைக்கோலை அரைத்து அழுத்திப் பெல்லட் செய்கிறாள். சுண்டு விரல் பருமனில் குட்டிக் குட்டிக் குச்சிகள். பாய்லரில் நிலக்கரிக்குப் பதிலாகப் போடுவார்கள். ஒரு சாயப்பட்டறை முதல் ஆர்டர் கொடுத்திருந்தது. இருநூறு கட்டு வைக்கோல் இந்த வாரத்துக்குள் கொட்டகையில் இறங்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். "நான் இருக்கேன், கவலப்படாதே" என்று அவள் நாத்தனாரிடம் சொன்னாள்.

கணவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "வெள்ளிக்கிழமை காலைல வயல் விதைக்கத் தயாரா இருக்கணும். இல்லன்னா பழைய வைத்தியம்தான்."

இன்று வியாழன்.

"அறுப்பு மெஷின்காரர்கிட்ட நறுக்கச் சொன்னது யாரு?" பேலர்காரர் கேட்டார்.

கணவன் கொக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான்தான்" என்றாள்.

விவசாய அலுவலகக் கூட்டத்தில் மூடாக்கு பற்றிச் சொன்னார்கள். வைக்கோலை நறுக்கிப் பரப்பிவிட்டால் மண் ஈரம் காயாது, களை தலைதூக்காது, அதன்மேலேயே விதைக்கலாம். நல்ல யோசனையாகப் பட்டது. ஒருவேளை பேலர் வராமல் போனால்? அறுப்பு நடக்கும்போதே மெஷின்காரரைக் கூப்பிட்டு, "பின்னாடி இருக்கிற கத்தியப் போட்டு விடுங்கண்ணே" என்று காதோடு சொல்லிவிட்டாள். பேலர் வந்தாலும் நல்லதுதானே, நாத்தனார் கொட்டகையில் எப்படியும் அரைக்கத்தான் போகிறாள், பாதி வேலை மிச்சம் என்று ஒரு கணக்கு. காய்கறி நறுக்கிக் கொடுத்தால் சமைப்பவளுக்குச் சுலபம் என்பது மாதிரி.

இரண்டு நல்ல ஏற்பாடு. ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்துவிட்டது.

"இரட்டை முடிச்சு" என்றான் கணவன், இப்போதுதான் வாயைத் திறந்து. கல்யாணமான புதிதில் அவன் வைத்த பேர் அது. ஒரு பையைக் கட்டினால் இரண்டு முடிச்சு, ஒரு ஊருக்குப் போனால் இரண்டு குடை, கதவுக்கு இரண்டு பூட்டு. "ரெண்டாவது முடிச்சு எப்பவும் எதுக்குன்னு எனக்குத் தெரியும். இந்த தடவ பேலருக்கா, எனக்கா?"

கிண்டலாகத்தான் கேட்டான். அவளுக்குத்தான் முகம் சுட்டது. உண்மை அவளுக்குத் தெரியும். பேலர் வராமல் போவதைப் பற்றி அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. பேலர் தாமதமாகும் அந்த ஒரு மணி நேரத்தில் இவன் கை சட்டைப் பைக்குப் போய்விடும் என்றுதான் பயந்தாள். நறுக்கிய வைக்கோலைக் கொளுத்தினால் அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்றுகூட யோசித்திருந்தாள். பத்தொன்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதனுக்கு எதிராக ஒரு முடிச்சு. அதுவும் போதாதென்று, ஞாயிற்றுக்கிழமையே வீட்டிலிருந்த தீப்பெட்டிகளை எல்லாம் எடுத்துப் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அவன் சட்டைப் பையில் இருந்ததையும் துவைக்கும் சாக்கில் எடுத்துவிட்டாள். அவன் கேட்கவே இல்லை. கேட்காததுதான் இப்போது உறுத்தியது.

நாத்தனார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நிலைமையைக் கேட்டாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு வேலை மிச்சம் பண்ணிட்டீங்களாமே!"

"வாரிக் கொண்டுபோகலாம்ல? அரைக்கத்தானே போறே?"

"மண்ணோட வாரினா என் மெஷின்ல குச்சி பிழியுற அச்சு ஒரே நாள்ல தேஞ்சு போயிரும். வைக்கோலே போதும் அத அரிக்கிறதுக்கு, மண்ணு வேற வேணுமா? போன மாசம் ஈர வைக்கோலப் போட்டு அடச்சுக்கிச்சு. ஒவ்வொரு ஓட்டையா டிரில் போட்டு நான் எடுத்தேன். என் கையப் பாருங்க." கையைக் காட்டினாள். பிறகு சத்தம் குறைந்தது. "சனிக்கிழமை பட்டறை ஆளுங்க வந்து பாப்பாங்க, அண்ணி."

அதைச் சொன்ன விதத்தில் கிண்டல் இல்லை.

கணவன் எழுந்தான். வேட்டியைத் தட்டினான். "கீழ் ஏக்கரப் பாத்தீங்களா யாராவது?"

யாரும் பார்க்கவில்லை. பள்ளமான அந்த ஏக்கரில் ஈரம் அதிகம். ஈர வைக்கோல் கத்தியில் சுற்றிக்கொள்ளும் என்று மெஷின்காரர் அங்கே கத்தியை நிறுத்திவிட்டார். முழு நீள வைக்கோல் அங்கே வரிசை வரிசையாகக் கிடந்தது. மேலே பொன்னிறம், அடியில் கை வைத்தால் சில்லென்று ஈரம். பேலர்காரர் ஈரம் அளக்கும் மீட்டரின் கம்பியைச் செருகினார்.

"இருபத்தி நாலு. இப்படியே உருட்டினா கட்டுக்குள்ள சூடேறிப் பூசணம் பிடிச்சிரும்."

கணவன் ஒரு பிடி வைக்கோலை எடுத்து, காதருகே வைத்து முறுக்கினான். "கிளறிப் போட்டா சாயங்காலம் மூணு மணிக்குப் பக்குவமாயிரும்."

"அண்ணே, மீட்டர் நான் வச்சிருக்கேன்" என்றார் பேலர்காரர்.

"நான் முப்பது வருஷமா கொளுத்துறேன். எந்த வைக்கோல் பத்தும், எது புகஞ்சு கழுத்தறுக்கும்னு காதுக்குத் தெரியும்."

நாத்தனார் அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "திருடனையே காவலுக்கு வச்ச மாதிரி இருக்கு, அண்ணி."

நால்வரும் கவைக்கம்போடு இறங்கிக் கிளறினார்கள். அது முடிந்ததும் கணவன் மேட்டு வயல் பக்கம் நடந்தான். அங்கே பக்கத்து வயல்காரர் தன் இரண்டு ஏக்கரில், போன வாரமே அறுத்து நன்றாகக் காய்ந்த வைக்கோல் வரிசைகளின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எதற்காக நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் சற்றுப் பின்னாலேயே போனாள். இவன் என்ன பேசுவானோ என்ற பழைய சந்தேகம். தீப்பெட்டி கடன் கேட்கத்தான் போகிறானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அண்ணே, தீப்பெட்டி இருக்கா?" என்றான் கணவன்.

அவள் நின்றுவிட்டாள்.

"இருக்கே. உன்னோடது எங்க?"

"வீட்டுல பறிமுதல் பண்ணிட்டாங்க." பக்கத்து வயல்காரர் நீட்டியதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். "வண்டி சும்மா நிக்குது, அண்ணே. இன்னிக்கு முழுக்க வாடகை கொடுத்தாச்சு. மதியத்துக்குள்ள உங்க வயல வழிச்சுத் தந்துருவாங்க. நாளைக்கு நீங்க உழுதுக்கலாம்."

"ஓசியா?"

"ஓசிதான். வைக்கோல மட்டும் என் தங்கச்சி எடுத்துக்குவா."

"நீ எப்ப இந்தக் கட்சிக்கு மாறின?"

கணவன் திரும்பாமலே பின்பக்கம் கட்டை விரலைக் காட்டினான். "பின்னாடி நிக்குதே, அது மாத்துச்சு. சொல்லாமலே மாத்துச்சு."

அப்படியானால் அவள் பின்னால் வந்தது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தீப்பெட்டிகள் போனதும் தெரிந்திருக்கிறது. நான்கு நாளாகத் தெரிந்தும், ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்து வீட்டில்கூட ஒரு தீக்குச்சி வாங்காமல் இருந்திருக்கிறான். இத்தனை வருடமாகத் தன்னை ஜாக்கிரதையான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஜாக்கிரதைக்கு இன்னொரு பேரும் இருக்கலாம் என்று இப்போது தோன்றியது. அந்தப் பேரைச் சொல்லிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பேலர் மேட்டு வயலில் இறங்கியது. முன்னால் சுழலும் பற்கள் வரிசையை வாரி உள்ளே இழுக்க, உள்ளே வைக்கோல் சுருண்டு, கயிறு சுற்றி, பின்கதவு திறந்து ஒரு உருளை 'தொப்' என்று விழுந்தது. ஒவ்வொன்றும் விழும்போதும் நாத்தனார் சத்தமாக எண்ணினாள். கணவன் இதற்கிடையில் நறுக்கிக் கிடந்த இரண்டு ஏக்கரையும் சுற்றிவந்தான். குவியலாகக் கிடந்த இடங்களில் கவைக்கம்பால் பரப்பினான். அவளும் போய் மறுமுனையிலிருந்து பரப்பினாள்.

"இதுமேலயே விதைக்கிற மெஷின் இருக்காம். வைக்கோல வெட்டிக்கிட்டு அடி மண்ணுல விதைய இறக்குமாம்" என்றாள். "கூட்டத்துல சொன்னாங்க."

"தெரியும். புதன்கிழமையே கூட்டுறவு சங்கத்துல சொல்லி வச்சிட்டேன். நாளைக்குக் காலைல வரும்."

"எதுக்கு?"

"நறுக்கிப் போட்டா வேற என்ன பண்றது? உழுது புதைச்சா உடனே விதைக்க முடியாது, அழுகுறப்போ பயிர் மஞ்சளடிக்கும்." கம்பை ஊன்றி நிமிர்ந்தான். "திங்கக்கிழமை வயல்ல கத்தி சத்தம் எனக்குக் கேக்காதா? நீ மெஷின்காரர் காதுல பேசினது இந்த வரப்புவரைக்கும் கேட்டுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் குனிந்து அடுத்த குவியலைப் பரப்பினாள். வெயில் முதுகில் ஏறியது.

மூன்று மணிக்குக் கீழ் ஏக்கரில் அவன் ஒரு பிடியை முறுக்கினான். சடசடவென்று ஒடிந்தது. "இப்ப."

பேலர்காரர் கம்பியைச் செருகினார். மீட்டரைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "பதினாலு" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

வெயில் சாயும்போது எல்லாக் கட்டுகளும் டிராக்டர் டிரெய்லரில் ஏறியிருந்தன. மேட்டு வயலில் நூற்று இருபத்தெட்டு, கீழ் ஏக்கரில் அறுபத்தொன்று.

"பதினொண்ணு குறையுது, அண்ணி" என்றாள் நாத்தனார், உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு. "சமாளிச்சிருவேன், போன மாச மிச்சம் கிடக்கு. ஆனா உங்ககிட்ட ஒரு வருஷத்துக்கு இத சொல்லிக்கிட்டே இருப்பேன்."

"சொல்லு. சொல்லாம இருந்தாத்தான் எனக்குப் பயம்."

வண்டி போனது. வயலில் பொன்னிறத் துண்டுகள் மண்ணை மூடிக் கிடந்தன. அவள் காலால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

கணவன் சட்டைப் பையிலிருந்து பக்கத்து வயல்காரரின் தீப்பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான். "இதையும் அந்தப் புடவைக்கு அடியில வச்சிரு. நீலப் புடவைதானே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு பெட்டியைத் திறந்து, ஒரு குச்சியை எடுத்து, நிதானமாகக் காது குடைந்தான்.

"நாலு நாளா காது அரிக்குது" என்றான். "கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு."