அடைகாத்த ரத்தம்

இயந்திரம் பொய் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அன்று அது அண்டப்புளுகு புளுகியது. ஹீமோகுளோபின் ஏழரை, சிவப்பணுக்கள் வெறும் ஒன்பது லட்சம் என்றது. இவ்வளவு குறைந்த அணுக்களுக்குள் அத்தனை ஹீமோகுளோபினைத் திணிக்க எந்த உடம்பாலும் முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பை கொட்டுகிறேன், இதுகூடத் தெரியாதா?

குழாயைச் சாய்த்துப் பார்த்தேன். சுவரில் ரத்தம் மணல் மணலாக ஒட்டியிருந்தது. தலைக்கு மேலே ஏசி சில்லென்று ஊதிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரைமணி வைத்து மறுபடி ஓட்டினேன். மணல் கரைந்துவிட்டது. அணுக்கள் இருபத்துமூன்று லட்சம். பாவம் இயந்திரம், ஒட்டிக்கிடந்த ஒவ்வொரு கொத்தையும் ஒரே அணுவாக எண்ணியிருக்கிறது.

குளிரில் கூடி, சூட்டில் பிரிகிற ரத்தம். யாருடையது என்று பெயர்ச்சீட்டைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் கம்பெனிக் குளிரறையில் பெட்டி அடுக்கும் அக்கா. திங்கட்கிழமை அவருக்கு மண்ணீரலை எடுக்கப்போகிறார்கள். அதற்காகத்தான் இந்த எண்ணிக்கை.

இரண்டு மாதத்துக்கு முன், கண் மஞ்சளித்து, மூச்சு வாங்கி வந்தார். வேலைநேரத்தில் விரல் நுனியும் காதுமடலும் நீலம் பாரிக்கும் என்றார். ரத்த டாக்டரம்மா, குளிரில் அணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உண்டா என்று சோதிக்கச் சொன்னார். எங்கள் கூடம் ‘இல்லை’ என்று அனுப்பியது. அப்படியானால் உடல் சூட்டிலேயே அணுக்களில் ஒட்டும் வெப்ப வகைதான் என்று முடிவாயிற்று. அந்த வகையில் மண்ணீரல்தான் அணுக்களைத் தின்னும், ஸ்டீராய்டுக்கு நோய் அடங்கும், அடங்காவிட்டால் மண்ணீரலை எடுப்பார்கள். ஸ்டீராய்டால் அக்காவின் முகம்தான் உப்பியது, ரத்தம் ஏறவில்லை.

பதிவேட்டைப் புரட்டினேன். அன்று எங்கள் ஏசி கெட்டு, கூடமே அடுப்பாக இருந்தது. முதல் எண்ணிக்கை ஒழுங்காக வந்ததும் அந்த வெக்கையால்தான். ஆனால் எதிர்ப்பொருள் பார்க்க வந்த குழாய்? “கெட்டுப்போகாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன்” என்று என் கையெழுத்தே சொன்னது. குளிர்ந்ததும் எதிர்ப்பொருள் முழுக்க அணுக்களில் ஒட்டி உறைகட்டியோடு அடியில் தங்கிவிட்டது. மேலே தெளிந்த நீரில் நான் எதைத் தேடியிருப்பேன்? அவ்வளவு அக்கறையாகக் காரியத்தைக் கெடுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

படியேறிப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, புதிதாக எடுத்து வரச் சொன்னார்.

அதே முப்பத்தேழு டிகிரி வெந்நீர் நிறைத்த பிளாஸ்க்கோடு வார்டுக்குப் போனேன். எடுத்த குழாயை அதில் மிதக்கவிட்டு, பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். “என்னம்மா, முட்டையா கொண்டுபோறீங்க?” என்றார் அக்கா. கட்டிலடியில் உட்கார்ந்திருந்த அவர் கணவர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சூட்டிலேயே ரத்தத்தின் தெளிநீரைப் பிரித்துச் சோதித்தேன். இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பங்காக நீர்த்த பின்னும், நாலு டிகிரியில் அணுக்கள் கூடிக்கொண்டு நின்றன. சென்றமுறை எல்லாம் கலந்த மருந்தால் ‘உண்டு’ என்று மட்டும் பார்த்திருந்த, அணுக்களின்மேல் ஒட்டியிருப்பதைக் காட்டும் கூம்ப்ஸ் சோதனையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். வெப்ப வகையின் எதிர்ப்பொருளான ஐஜிஜி இல்லை. காம்ப்ளிமென்ட் என்னும் ரத்தப் புரதம் மட்டும் ஒட்டியிருந்தது. குளிர் வகையேதான்.

மாலையில் டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார். குளிர்ந்த விரலிலும் காதிலும் எதிர்ப்பொருள் அணுக்களைக் கட்டிப்போடும், சூடான உள்ளுடம்புக்கு வந்ததும் கழன்றுகொள்ளும். ஆனால் அது ஒட்டவைத்த காம்ப்ளிமென்ட் கழலாது. அந்த அடையாளத்தைப் பார்த்துப் பெரும்பாலும் கல்லீரல்தான் அணுக்களைப் பிடித்துத் தின்கிறது.

அக்கா வயிற்றைத் தடவினார். “அப்போ என்னை அறுக்க வேண்டாமா?”

“வேண்டாம். எடுத்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.”

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கலாம், எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களை அடக்கும் வேறு மருந்தைச் சொட்டுசொட்டாக ஏற்றலாம், ரத்தம் ஏற்ற நேர்ந்தால் சூடாக்கி ஏற்றலாம், குளிரறைக்கு மட்டும் முழுக்கு என்றார். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

எல்லாரும் போனபின் நான் நின்றேன். “தப்பு என்னோடதுங்க. அன்னைக்கு உங்க ரத்தத்தை ஃபிரிட்ஜில வச்சது நான்தான்.”

அக்கா உப்பிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டு மாசமா இந்த மூஞ்சியைக் கண்ணாடியில பார்க்கவே பிடிக்கலை” என்றார். பொய்க்குக்கூடப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்துக் கையுறையோடு வந்தார். முகத்தின் உப்பல் வற்றியிருந்தது. கம்பெனியில் வாசல்பக்க அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்களாம், வெயில் விழும் ஜன்னலாம். ஹீமோகுளோபின் பதினொன்று என்றேன். “மெஷின் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“நான் சொல்றேங்க.”

“அப்போ நம்புறேன்” என்று கையுறையைக் கழற்றி, இளஞ்சிவப்பான பத்து விரல்களையும் என் மேஜைமேல் விரித்து வைத்தார்.