காசு கொடுத்தும் எழும்பிய பத்மநாதன்

இருபத்திரண்டு வருடம் லண்டன் எட்மண்டனில் ஒரு மொத்தக் கடையில் அரிசி மூட்டை இறக்கியதில் பத்மநாதனுக்கு இடுப்பில் வந்த நாரிவலி, தைமாலை அன்று பின்னேரம் ஐந்து நாற்பதுக்குச் சட்டென்று நின்றது. காரணம், அந்த நேரம் அவர் கதிரையில் இருக்கவில்லை. கதிரைக்கு நாலு விரற்கடை மேலே இருந்தார்.

மேலே எழும்புவது கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் புதினம் இல்லை. பிளேஸ்டோ தைமாலைக் கழகம் வருடாவருடம் பொங்கலை ஒட்டிய சனிக்கிழமையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தைமாலை என்ற கலைவிழாவை நடத்தும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், செயலாளரின் மைத்துனர் சீட்டு எடுக்காமல் வந்து இரண்டாம் வரிசையில் இருந்தபோது, வரவேற்பு நடனத்தின் நடுவில் முதன்முதலாக எழும்பினார். ஒரு சாண் உயரம். இறங்க இடைவேளை ஆனது. அடுத்த வருடம் ஏழு பேர் எழும்பினார்கள். அதில் ஒருவர், காசோலை தருகிறேன் என்று சொல்லி விழா மலரில் பெயரைப் போடுவித்துக்கொண்ட நகைக்கடைக்காரர். அவர் திங்கட்கிழமை காலையிலேயே காசோலையைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடப் பராமரிப்பாளர், ஒரு வெள்ளைக்காரர், ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். நடைபாதையில் ஆட்கள் நிற்கக்கூடாது என்று இருந்தது. மிதப்பது நிற்பதில் சேராது என்று முடிவுசெய்து தேநீர் குடிக்கப் போனார்.

மூன்றாம் வருடத்தில் எல்லாருக்கும் ஒரு விஷயம் பிடிபட்டது. அறிவித்தலில் எழுதிக் கொடுத்த சலுகைக்கு யாரும் எழும்புவதில்லை. எழுதாமல் எடுத்த சலுகைக்குத்தான் எழும்புகிறார்கள். அன்றிலிருந்து கழகத்தின் சீட்டு அறிவித்தல் நீண்டுகொண்டே போனது. அதை எழுதியவர் பத்மநாதன். ஒரு சொல்லைக்கூட அவர் சும்மா விட்டவரில்லை. மண்டபத்தில் கதிரை முந்நூற்று அறுபது, ஆள்கொள்ளளவு நானூறு. அந்த நானூறுக்குள் ஆடும் பிள்ளைகள், ஒலிக்காரர், தொண்டர், மடிக்குழந்தை எல்லாரும் அடக்கம் என்று எழுதினார். ஏ, பி வரிசைகள் அனுசரணையாளருக்கு, ஒருவருக்கு ஆறு ஆசனம், ஏழாவது ஆள் வந்தால் சீட்டு எடுக்கவேண்டும். சி முதல் ஜி வரை இருபத்தைந்து பவுண், மிச்சம் பதினைந்து. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை சிறுவர் சீட்டு எட்டுப் பவுண், தனி ஆசனம் உண்டு. ஐந்துக்குக் கீழே இலவசம், மடியில், ஆனால் தலைக்கணக்குக்காகப் பூச்சியச் சீட்டு ஒன்று கட்டாயம். சாப்பாட்டுக் கடைகள் மூன்று, பள்ளிக்கூட உணவறையில் மட்டும். கொத்துரொட்டிக் கடைக்குக் காஸ் சிலிண்டர் அனுமதி இல்லை, மின்தட்டுத்தான். கவுன்சிலில் பதிந்த கடையாக இருக்கவேண்டும். றோல்ஸில் முட்டை, சட்னியில் கச்சான் கடலை என்பதை மேசையில் எழுதி வைக்கவேண்டும். மண்டபத்துக்குள் வடை கொண்டுபோக ஏலாது. கடைசியில் அனுசரணையாளருக்கு நன்றி, அகர வரிசையில். தொகை வரிசையில் போட்ட ஒரு வருடம் இரண்டு சட்டத்தரணிகள் ஒருவரோடொருவர் பேச்சை விட்டதால் வந்த ஏற்பாடு அது. அதற்கும் கீழே ஒரு வரி: "மேற்குறித்தவற்றில் அடங்காதோர் பின்வரிசையில் அமர்க. முன்னால் எழும்பினால் பின்னால் இருப்போருக்கு மறைக்கும்."

இப்படிப்பட்ட மனிதர், கழகம் தொடங்கிய காலந்தொட்டு வாசலில் டோர்ச்சும் சீட்டுப் பெட்டியுமாக நின்றவர். உள்ளே இருந்து ஒரு நிகழ்ச்சியும் பார்த்ததில்லை. யாரையும் நம்பியதும் இல்லை. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிள்ளையை எந்த வகுப்பு என்று கேட்பார், பிறகு வகுப்பாசிரியரின் பெயரையும் கேட்பார். நாரிவலி முற்றி மூன்று மணித்தியாலம் நிற்க ஏலாமல் போனதால்தான், இந்த வருடம் வாசலைத் தலைவர் சண்முகராசாவிடம் விட்டுவிட்டு, தனக்கும் மனைவி சுசிலாவுக்கும் பதினைந்து பவுண் சீட்டு இரண்டு வாங்கி, முதன்முறையாக எச் வரிசையில் போய் இருந்தார். சுசிலா கதிரையில் இருந்தார். பத்மநாதன் எழும்பினார்.

"என்னப்பா இது?" என்றார் சுசிலா, அவருடைய கால்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. "ரெண்டு சீட்டும் ஒரே காசிலதானே எடுத்தனீங்கள்?"

"ஓம். கையை விடும், கிழியப்போகுது."

பின்னால் இருந்த ஒருவர், "அண்ணை, கொஞ்சம் பதிஞ்சு இருங்கோ, மேடை தெரியேல்லை," என்றார். அதற்குப் பின்னால் இருந்தவர் மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "வாசல்ல நிண்டவரே எழும்பிறார் எண்டால், பெட்டிக்குள்ள என்ன நடந்திருக்கும்?"

இடைவேளைக்குள் அந்தப் பேச்சு உணவறை முழுக்கப் பரவிவிட்டது. றோல்ஸ் கடைக்காரர் அவரிடம் காசை இரண்டுமுறை எண்ணி வாங்கினார். அன்றிரவே சண்முகராசா கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார், யாருடைய பெயரும் இல்லாமல், எல்லாருக்கும் விளங்கும்படியாக. அடுத்த ஞாயிறு செயற்குழு கூடியது. சீட்டுப் புத்தகங்களை மேசையில் வை என்றார்கள், வைத்தார். கிழித்த சீட்டுகளின் அடிக்கட்டையையும் வங்கிப் பற்றுச்சீட்டையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒரு பென்ஸ் பிசகவில்லை. அது சந்தேகத்தைக் கூட்டியதே ஒழியக் குறைக்கவில்லை.

"கணக்குச் சரி, பத்மநாதன் அண்ணை," என்றார் சண்முகராசா. "ஆனா நீங்கள் எழும்பினனீங்கள். நானூறு பேர் பாத்தவை. நான் சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"நான் களவெடுக்கேல்லை எண்டு சொல்லு."

"அதை நீங்கள் கதிரையில இருந்து சொன்னால் நம்புவினம்."

புத்தகங்கள் அவரிடம் திரும்பி வரவில்லை. தைமாலைச் சீட்டை விட்டால் பத்மநாதனுக்கு வேறு பெருமை இல்லை. கடை முதலாளிக்கு முதுகைக் கொடுத்தார், கழகத்துக்குப் பெயரைக் கொடுத்தார். முதுகு போய்விட்டது, இப்போது பெயரும் போகிறது. மாசியிலும் பங்குனியிலும் வேறு கழகங்களின் விழாக்களுக்குச் சீட்டு எடுத்துப் போய்ப் பார்த்தார். அங்கெல்லாம் ஒழுங்காக இருந்தார். ஆக, விவகாரம் தைமாலையோடுதான். கூரைக்குக் கீழே பெட்டிகளில் கட்டி வைத்திருந்த பழைய அடிக்கட்டைகளை இறக்கி, தன்னைத்தானே ஒரு கள்ளனைத் தேடுவதுபோலத் தேடத் தொடங்கினார். வேலைக்குப் போகாத நாட்களில் சாப்பாட்டு மேசை முழுக்கக் கடதாசி. சுசிலா ஆறு கிழமை மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

சித்திரையில் அது கிடைத்தது. பதினேழு வருடத்துக்கு முந்திய புத்தகம். சிறுவர் சீட்டு, ஐந்து பவுண், பெயர் சாருஜா. ஆசன இலக்கம் எழுதும் இடத்தில் இலக்கம் இல்லை. அவருடைய கையெழுத்திலேயே "மடி" என்று இருந்தது.

அவருக்கு அந்த வாசல் முழுதாக ஞாபகம் வந்தது. டூட்டிங்கிலிருந்து சிவரூபினி என்றொரு பெண் மகளோடு வந்தாள். பிள்ளைக்கு நாலு வயது என்றாள். பத்மநாதன் குனிந்து, பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, டோர்ச்சைப் பிள்ளையின் முகத்தில் அடித்து, "பல்லைக் காட்டு," என்றார். முன்பல் இரண்டு விழுந்திருந்தன. "பல்லு விழுந்த பிள்ளைக்கு நாலு வயசோ, தங்கச்சி? ஆரை ஏமாத்துறியள்?" என்று கேட்டு ஐந்து பவுணை வாங்கினார். தலைக்கணக்கில் அன்று இன்னும் ஒன்பது பேருக்கு இடம் இருந்தது. வெறும் கதிரை ஒன்றுகூட இருக்கவில்லை. இது அவருக்கு அந்த நிமிடமே தெரியும். சிறுவர் சீட்டுக்குத் தனி ஆசனம் உண்டு என்று அந்த வருட அறிவித்தலிலும் எழுதியவர் அவர்தான்.

பழைய ஆட்களிடம் முகவரி விசாரித்து டூட்டிங்குக்குப் போனார். சிவரூபினி இப்போது ஒரு பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. வீட்டு வாசலில் அவரைக் கண்டவுடன் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கள் லைற் அடிக்கிற ஆள்."

"ஓம் பிள்ளை. அண்டைக்கு..."

"ஐஞ்சு முடிஞ்சு ரெண்டு கிழமை அவளுக்கு. நான் பொய்தான் சொன்னனான். கிளீனிங்ல ஒரு மணித்தியாலம் நிண்டால்தான் எனக்கு ஐஞ்சு பவுண். அது என்ர பிழை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா காசை வாங்கினாப் பிறகு கதிரை தரவேணுமெல்லோ? மூண்டு மணித்தியாலம் என்ர மடியில வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள். ஆட்டம் ஒண்டும் பாக்கேல்லை. சிரிச்சால் பல்லுத் தெரியுமாம்."

பத்மநாதன் ஐந்து பவுண் தாளை எடுத்து நீட்டினார். சிவரூபினி அதை மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள். உள்ளேயிருந்து சாருஜா வந்தாள். இருபத்திரண்டு வயது, மருந்தாளர் படிப்பு, கையில் கடித்த பாண் துண்டு. "அங்கிள், சீரியஸ்லி, இட்ஸ் ஃபைன்," என்று சொன்னாள். சொல்லும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். அது பாணுக்காக என்று நினைக்கத்தான் பத்மநாதன் ஆசைப்பட்டார்.

அந்தக் கோடையில் அவர் செயற்குழுவுக்குப் போய் அடிக்கட்டையை மேசையில் வைத்து, நடந்ததைப் பல் விஷயம் உட்பட முழுவதும் சொன்னார். பெட்டியில் கை வைக்கவில்லை என்பதை அன்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: அறிவித்தலில் ஒரு வரி, சாருஜா என்பவருக்கு இம்முறை ஒரு சிறுவர் சீட்டும் ஆசனமும் வழங்கப்படும்.

"ஏலாது அண்ணை," என்றார் சண்முகராசா. "இருபத்திரண்டு வயசுக்குச் சிறுவர் சீட்டோ? நாளைக்கு நகைக்கடைக்காரர் தன்ர மருமகளையும் சிறுவரெண்டு கொண்டுவந்து நிப்பாட்டுவார். பன்னிரண்டு வரைக்கும் எண்டு எழுதினது ஆர்? நீங்கள்."

தலைவராக இருந்தால் பத்மநாதனும் அதைத்தான் சொல்லியிருப்பார். அது நல்ல விதி. பெரியவர்களுக்கான சீட்டு ஒன்றைத் தன் காசில் வாங்கி டூட்டிங்குக்கு அனுப்பினார். அடுத்த தைமாலைக்குச் சாருஜா தாயோடு வந்தாள், சி வரிசையில் இருந்தாள், ஆட்டங்களைப் பார்த்தாள், கொத்துரொட்டி வாங்கித் தாயோடு பகிர்ந்து சாப்பிட்டாள். பெரிய ஆள் இருக்கும் கதிரையில் பெரிய ஆளாக இருந்தாள். பத்மநாதன் அன்றும் எழும்பினார், விரற்கடை ஒன்றும் குறையாமல்.

புத்தகங்களை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அறிவித்தலில் கடை விதிகளுக்கும் நன்றிக்கும் நடுவில், "கடைசி வரிசை, நடு ஆசனம்: திரு. பத்மநாதன். மேலே இருப்பார்" என்று அச்சாகிறது. யாரும் அதை இரண்டாம்முறை வாசிப்பதில்லை. பிள்ளைகள் அவருக்குக் கீழே தங்கள் குளிர்ச்சட்டைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். சீட்டு எழுதும்போது ஆசன இலக்கத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் காசுக்குக் கை நீட்டுகிறார். டூட்டிங் சிவரூபினியின் மகள் சாருஜாவுக்கு, ஐந்து வயதில் இருப்பதற்கான ஒரு கதிரையை அவர் இன்னும் கொடுக்கவேண்டியிருக்கிறது.