என் மகளைப் பற்றி ஒரு வரி

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிற ஆளுக்கு மூக்குக்குக் கீழே நடப்பது தெரியாது என்று என் மனைவி சொல்வாள். சும்மா வாயாடுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். வீட்டில் கொஞ்சம், வெளியே நிறைய. பள்ளியில் வாயைத் திறக்கவே மாட்டாள். கணக்கில் பின்தங்குகிறாள் என்று ஆன்லைன் டியூஷனில் சேர்த்தோம். வகுப்பில் எட்டுப் பேர் வரை இடம் உண்டு, ஆனால் இவளோடு சேர்த்து ஐந்து பேர்தான் இருந்தார்கள். மற்ற நாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊர், யாருக்கும் இவளை முன்பின் தெரியாது. மிஸ்ஸும் அவசரப்படாத ஆள். இவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் பேசாமல் காத்திருப்பார். இரண்டே மாதத்தில் வாலு முதல் ஆளாகக் கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள். மூடிய கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாக்கில் நின்றுகொண்டு நானும் மனைவியும் அதைக் கேட்போம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாது.

அப்போதுதான் பண்டிகைக் காலச் சலுகை வந்தது. டியூஷன் ஆப்பைத் திறந்தால் முதல் பக்கமே அதுதான். உங்கள் நண்பர்களின் பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள், அவர்கள் முதல் மாதக் கட்டணம் கட்டியதும் உங்களுக்கு ஒரு மாதம் இலவசம், அவர்களுக்கும் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. மற்ற நாட்களில் இதில் கால்வாசி கூடக் கிடைக்காது. அனுப்ப வேண்டிய செய்தியையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். 'என் மகள் இங்கேதான் படிக்கிறாள். பண்டிகைக்கு உங்கள் பிள்ளைக்கும் நல்லதாக ஒன்று கொடுக்கலாமே' என்று, ஏதோ ஒரு அப்பாவோ அம்மாவோ பேசுகிற மாதிரியே இருந்தது. கீழே ஒரு காலிக் கட்டம். உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொந்தமாக ஒரு வரி சேருங்கள், நண்பர்கள் அதைத்தான் நம்புவார்கள் என்று போட்டிருந்தது.

என் கை சும்மா இருக்குமா? கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதினேன். 'திக்கிப் பேசும் என் மகளே இங்கே முதல் ஆளாகக் கை தூக்கிப் பதில் சொல்கிறாள்.' எழுதியதை நானே இரண்டு தரம் படித்துப் பார்த்துக் கண் கலங்கினேன். அவளுடைய பள்ளி வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இதயமும் கைதட்டலுமாக வந்து குவிந்தன. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே மூன்று பேர் கட்டணம் கட்டிச் சேர்ந்தார்கள். அடுத்தடுத்த மூன்று மாதங்களுக்கு எங்களுக்குக் கட்டணம் இல்லை என்று செய்தி வந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னேன். வாலு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எந்த குரூப்ல போட்டீங்க?"

"அவ கிளாஸ் குரூப்லதான். ஏன்?"

வாலு எழுந்து கை கழுவப் போனதும் மனைவி குரலைத் தாழ்த்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரம்மா பொண்ணு சேர்ந்திருக்காளா?"

"ஆமா, அவதான் முதல்ல."

"அவதாங்க இவளை மாதிரியே திக்கித் திக்கிப் பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைக்கறவ. போன மாசம் நான் ஸ்கூலுக்குப் போய் மிஸ்கிட்ட பேசிட்டு வந்தேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"எங்கிட்ட சொல்லலையே!"

"சொன்னேன். நீங்க கிரிக்கெட் பார்த்துட்டு இருந்தீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி, எல்லாரும் ஒரே வகுப்பிலா வந்துவிடப் போகிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் அந்த நினைப்பிலும் மண் விழுந்தது. டியூஷன் திரையில் எட்டுப் பேர். மூன்று புது முகங்களும் இவள் பள்ளி வகுப்புப் பிள்ளைகள்தான்.

கதவுக்கு வெளியே நின்றேன். துணி மடிக்கிற சாக்கு கூட வைத்துக்கொள்ளவில்லை. மிஸ் கேள்வி கேட்டார். டாக்டரம்மா பெண் சொன்னாள், இன்னொரு பையன் சொன்னான். "நீ சொல்லும்மா" என்று மிஸ் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஓ, சாட்ல டைப் பண்ணிட்டியா? கரெக்ட்" என்றார் மிஸ். யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. எதற்குச் சிரித்ததோ தெரியாது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தன்மையாகத்தான் பேசினாள்.

"உங்க ரெஃபரல்ல வர்றவங்க உங்க பொண்ணோட பேட்ச்லயே சேரட்டும்னு டிக் பண்ணியிருக்கீங்க சார்."

"நான் எங்கே பண்ணேன்?"

"அது முன்னாடியே டிக் ஆகித்தான் இருக்கும் சார். வேண்டாம்னா எடுத்துவிடணும்."

"இப்போ அவங்களை வேற பேட்ச்சுக்கு மாத்துங்க. எனக்கு அந்த மூணு மாசம் ஃப்ரீ வேண்டாம், எடுத்துக்கோங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். அவங்க பேரன்ட்ஸ் கேட்டாதான் அவங்களை மாத்த முடியும். உங்க பொண்ணை வேணும்னா மாத்தித் தர்றேன். ஆனா இதே மிஸ்ஸோட மத்த பேட்ச் எல்லாம் பண்டிகை ஆஃபர்ல ஃபுல். வேற மிஸ்தான்."

வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவுக்கே போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சார், உங்க மெசேஜைப் படிச்சு அழுதே போயிட்டேன். எங்க பொண்ணுகிட்டயே படிச்சுக் காட்டினேன். 'பாருடி, அந்தப் பொண்ணே பதில் சொல்லுது, உனக்கென்ன கேடு'ன்னு நல்லா டோஸ் விட்டேன். அதுக்கப்புறம்தான் சேரவே சம்மதிச்சா."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆமாம், நன்றிதான் சொன்னேன். வெட்கங்கெட்ட வாய்.

வாலு படுக்கையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நேராகச் சொல்லிவிட்டேன்.

"அப்பா தப்பு பண்ணிட்டேன்டா. அந்தப் பொண்ணு உன்னைக் கிண்டல் பண்றது எனக்குத் தெரியாது."

"ம்."

"வேற மிஸ்கிட்ட மாத்திடலாமா?"

"வே... வேண்டாம். இந்த மிஸ்தான் வேணும். நான் டைப் பண்ணிக்கறேன்."

"கோபமா?"

இல்லை என்று தலையாட்டினாள். கத்தியிருந்தால், புத்தகத்தைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அட்டையை மடித்து, விரலால் நீவி, ஓரத்தை ஒட்டினாள்.

"நீங்க எழுதினதை அவ ஸ்கூல்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாப்பா. என்... என்னை மாதிரியே படிச்சா."

"நான் உன்னைப் பத்தி நல்லதாத்தான்டா எழுதினேன். பெருமையாத்தான்..."

"தெரியும்பா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ நான்தான் அடிபட்டு வந்தவன் மாதிரி, அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். அடுத்த சொல் அவளுக்கு வர நேரமானது. உதடு துடித்தது, கண்ணை மூடித் திறந்தாள்.

"இ... இனிமே என்னைப் பத்தி யார்கிட்டயும் நல்லதா எதுவும் சொல்லாதீங்கப்பா."