கல்லறைக்குள் ஆடு போன வழி

லத்தீபா எழுதிய முதல் ட்ரீட்மென்ட்டில், அதாவது எடுக்கப்போகும் படத்தின் சுருக்கத்தில், டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள், கோட்டை கட்டினார்கள், துணிமூட்டை ஏற்றினார்கள், கடைசியில் செத்தும் போனார்கள். வகுப்பில் கேட்டதோ ஒரே பக்கம். ஆவணப்படமோ ஐந்தே நிமிடம். தேவகி மேடம் காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

"கப்பலுக்கு எங்க போவ? யாரைப் பத்தின படம், கேமரா எங்க நிக்கும், யார் சம்மதம் குடுத்தாங்க, கண்ணுக்கு என்ன தெரியும், அதை எழுது. நாளைக்கு வரலைன்னா வடிவேலு படத்துக்கு மைக் பிடி."

கூடப் படிக்கும் வடிவேலு எடுப்பது தன்னைப் பற்றியே ஒரு படம். அதற்கு மைக் பிடிப்பதைவிட ஏரியில் குதிக்கலாம்.

பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் இறங்கியவள் நேரே டச்சுக் கல்லறைக்குப் போனாள். உள்ளே படமெடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அது வருவதற்குள் படிப்பே முடிந்துவிடும். "வெளியில நின்னு இன்னா வேணா எடுத்துக்கோ. கேட்டைத் தாண்டாதே" என்றார் காவலாளி சுப்பராயலு.

அப்போதுதான் பார்த்தாள். பூட்டிய கேட்டுக்கு உள்ளே, யாரோ ஒரு டச்சுத் துரையின் சமாதி மேல் ஓர் ஆடு நின்றது. அடேயப்பா, என்ன தோரணை! வெளியே மீன்காரி ஜெயம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாடி ராணி, மானத்த வாங்காத!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"தெனம் இதே கூத்து. எப்டிதான் உள்ள பூருதோ, தல வெடிக்குது" என்றார் சுப்பராயலு.

லத்தீபாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு பெண், ஓர் ஆடு, ஒரு கேட். படம் கிடைத்துவிட்டது! ஜெயம்மாவைத் தனியே தள்ளிக்கொண்டு போய்ச் சம்மதம் கேட்டாள்.

"எடுத்துக்கோ. தோ, செவுத்துல அது பூருற இந்த ஓட்டைய மட்டும் காட்டாதே. காட்னா வாச்மேன் அண்ணன் அன்னிக்கே அடச்சிருவாரு. அப்புறம் ராணி புல்லுக்கு எங்க போவா?"

"அக்கா, எப்டி போச்சுன்னு காட்டலைன்னா கதையே இல்லக்கா!"

"அப்போ படமும் இல்ல."

போச்சு. ஓட்டையைத் திருட்டுத்தனமாக எடுத்துவிடலாமா என்று லத்தீபாவின் புத்தி போகத்தான் போனது. ஆனால் ஜெயம்மா முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது? வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

"ஜெயம்மா காலையில் ஆட்டைக் கட்டிவிட்டு மீன் விற்கப் போகிறார். திரும்பி வரும்போது ஆடு கல்லறைக்குள். கெஞ்சல், திட்டு, கீரைக்கட்டு லஞ்சம். ஆடு அசையாது. பொழுது சாயும்போது தானே வீட்டுக்கு வந்து நிற்கும். கேமரா கேட்டுக்கு வெளியே மட்டும். உள்ளே அனுமதி இல்லை. ஆடு போகும் வழி காட்டப்படாது, சம்மதம் இல்லை. படத்தின் கேள்வி: எப்படிப் போகிறது?"

மறுநாள் தேவகி மேடம் படித்தார். சிரிப்பை அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் கடைசியில் மூக்கால் சிரித்தார். "இதுதான் படம். நீயே எடு" என்று கையெழுத்துப் போட்டார்.

லத்தீபா வாசல் வரை போயிருப்பாள்.

"ஏய், இங்க வா." மேடம் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்ட மட்டும் சொல்லு. எப்படிப் போகுது?"

"சம்மதம் இல்ல, மேடம்."