உள்ளளவு மாறாது

ஃபோனை வைத்ததும் காஜா முஹ்யித்தீன் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "முடிஞ்சுது ஜெர்லின். இசக்கியப்பன்கிட்ட பேசிட்டேன். பெட்டி இனி அஞ்சடுக்கு இல்ல, ஏழடுக்கு அட்டை. அளவு பழையதுதான்."

தூத்துக்குடியில் அவருடைய இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி முதல் ஐஸ் வரை வாங்கிப் போடுவது ஜெர்லினின் வேலை. பெட்டி செய்து தருபவர் இசக்கியப்பன். "அப்போ மெயில் போட்டுருதேன் அண்ணாச்சி," என்றாள்.

"ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? என் மக நிக்காஹ்ல நின்னு சோறு விளம்புனவன் அவன். அவனுக்குப் போயி எழுத்தா? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காது?"

வந்துவிட்டதே அந்த நிக்காஹ்! ஜெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடமும் இப்படித்தான் வாய்ப்பேச்சு. பெட்டி வேறு நிறத்தில் வந்தது. இவர் அப்படிச் சொன்னேன் என்றார், அவர் இப்படிச் சொன்னீர்கள் என்றார். கடைசியில் இருவரும் சேர்ந்து பிரியாணி தின்றார்கள். ஏச்சு வாங்கியது இவள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இன்னொரு தடவை ஆனால் வீட்டிலேயே இருந்துகொள் என்று முதலாளி அப்போதே சொல்லிவிட்டார்.

வேலை போவதைவிட முதலாளி முறைப்பது மேல். இசக்கியப்பனுக்கு மெயில் தட்டினாள்: இன்று ஃபோனில் பேசியபடி, பழைய ஆர்டரில் ஒரு திருத்தம். அட்டை ஏழடுக்கு. பெட்டியின் உள்ளளவு மாறாது. பத்து இறால் பாக்கெட் நெருக்கமில்லாமல் உட்கார வேண்டும். மற்றதெல்லாம் பழையபடி. சம்மதமென்றால், அட்டை வெட்டும் முன் பதில் போடவும்.

டீ ஆறும் முன் முதலாளியின் ஃபோன் அடித்தது. இசக்கியப்பன்தான், ஸ்பீக்கரில் குரல் கொதித்தது. "என்ன அண்ணாச்சி, என்னைய நம்பலியோ? எழுதிக் கேக்குத அளவுக்கு ஆயிட்டேனா?"

காஜா முஹ்யித்தீன் ஜெர்லினை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். அவள் ஃபோன் பக்கம் குனிந்தாள். "அதுல தப்பு ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

"தப்பு என்ன தப்பு? ஏழடுக்கு, சரி. உள்ளளவு..." குரல் நின்றது. "இரும்மா. நான் பழைய அச்சுலல்லா வெட்டச் சொல்லிட்டேன்? தடிச்ச அட்டைய அதுல வெட்டுனா மடிக்கையில உள்ளுக்குள்ள எடம் கொறையுமே. பத்து பாக்கெட்டு ஏறாது. ஏலே! மெஷின நிறுத்துலே!"

முதலாளி தொண்டையைச் செருமினார். "அதுக்குத்தான் இசக்கி, நானே எழுதச் சொன்னேன். எப்பவும் எழுத்துல இருக்கணும்பா."

அட ஆண்டவரே! ஜெர்லினுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

சற்று நேரத்தில் காஜா முஹ்யித்தீன் தன் ஃபோனை எட்டப் பிடித்து வாசித்தார். 'இனி ஃபோனில் பேசுவதையெல்லாம் அன்றன்றே எழுதி அனுப்பச் சொன்னீர்கள். சம்மதமென்றால் பதில் போடவும். ஜெர்லின்.'

"ஏளா, எனக்குமா?"

"ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. பதில் போடுங்க."